தீபாவளிப் பலகார வீடியோவை எப்போது எடுப்பது, எப்போது போடுவது?

“காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறோம். போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் மணகோலமும் அதிரசமும் செய்யும் வீடியோ போட்டோம். நன்றாக ஓடியது, ஆனால் ஆர்டர் நாலைந்துதான் வந்தது. எத்தனை மாதம் முன்பே போட வேண்டும்? தங்கை பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். அவளுக்கும் இதே கணக்குதானா?”

நாள் தள்ளிப்போனது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அந்த வீடியோவைப் பார்க்க வந்தவர்கள் யார் என்பதில் இருக்கிறது. பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது அதிரசம் என்று தேடுகிறவர், பெரும்பாலும் வெல்லமும் பச்சரிசியும் வாங்கி வைத்துவிட்டு அடுப்படியில் நிற்பவர். அவருக்கு வேண்டியது பாகுப் பதம், உங்கள் பார்சல் இல்லை. வாங்குகிறவர் அதற்கு வெகுநாள் முன்பே முடிவெடுத்துவிடுகிறார். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வருடம் கல்யாண வீடியோ எடுத்தேன். அப்புறம் சில வீட்டுப் பலகாரக்காரர்களுக்கும் இரண்டு டியூஷன் சென்டர்களுக்கும் யூடியூப் சேனல் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். ஒரு வீட்டுக்கு அதிரச வீடியோ எடுத்துக் கொடுத்தேன், அமோகமாக ஓடியது. அந்த வீட்டு அம்மாவுக்கு நாள் முழுக்க போன். எல்லாம் “ஆச்சி, பாகு முறுகிப்போச்சு, என்ன செய்றது?” என்கிற போன்.

உங்கள் வீடியோவுக்கும் இதுதான் நடந்ததா என்று ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்துவிடலாம். யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவைத் திறந்து, Analytics உள்ளே Reach பக்கத்துக்குப் போங்கள். எங்கிருந்து வந்து பார்த்தார்கள் என்ற பட்டியலில் YouTube search என்பதைத் தொட்டால், என்ன எழுதித் தேடி வந்தார்கள் என்று வரிசையாகக் காட்டும். ‘செய்வது எப்படி’, ‘recipe’, ‘அளவு’ என்ற சொற்களே நிறைந்திருந்தால் வந்தவர்கள் சமைக்கிறவர்கள். ‘ஆன்லைன்’, ‘ஆர்டர்’, ‘காரைக்குடி’, ‘விலை’ என்று நாலு சொல்லாவது கலந்திருந்தால் வாங்குகிறவர்களும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். கருத்துகளைப் படித்தாலும் இது தெரியும். “ஏலக்காய் எவ்வளவு போடணும்?” என்பது ஒரு கூட்டம். “கோயம்புத்தூருக்கு அனுப்புவீங்களா?” என்பது வேறு கூட்டம். இரண்டாவது கூட்டம் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் உங்களுக்கு வேண்டியது அதுதான்.

சரி, நாள் கணக்குக்கு வருவோம். எல்லோரும் தீபாவளித் தேதியை வைத்துப் பின்னோக்கி எண்ணுகிறார்கள். பலகாரம் விற்கிறவர் எண்ண வேண்டியது, ஆர்டர் நிறுத்தும் நாளிலிருந்து. 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. பண்டிகை வாரத்தில் கூரியர் எந்த ஊரிலும் சொன்ன நாளில் போய்ச் சேராது, அதனால் வெளியூர்ப் பார்சல் கடைசியாகக் கிளம்புவது அக்டோபர் 31, சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடுப்பு, மூன்று பேர் இருக்கும் வீட்டில், மற்ற வேலைகளோடு ஒரு நாளைக்கு 12 கிலோ நிதானமாகச் செய்யலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அக்டோபர் 21 முதல் 30 வரை பத்து நாளில் 120 கிலோ. ஆளுக்குச் சராசரியாக 2 கிலோ என்றால் மொத்தமே 60 ஆர்டர். அதற்கு மேல் வந்தால் ஒன்று மறுக்க வேண்டும், இல்லையென்றால் அவசரத்தில் எண்ணெய் காயாமல் போட்டுச் சீடையைக் கெடுக்க வேண்டும்.

இந்த 60 என்ற எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒரு லட்சம் பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதைப் பார்த்தால் தானாக அடங்கும். வாங்கும் எண்ணத்தோடு வருகிற சில நூறு பேர் சரியான மாதத்தில் பார்த்தால் உங்கள் சட்டி நிறைந்துவிடும். ஆகவே ஆர்டர் நிறுத்தும் நாள் அக்டோபர் 20. அன்றைக்கு விஜயதசமி. இது தற்செயல் இல்லை. ஆயுத பூஜை முடிந்து சுமார் இருபது நாளில் எந்த ஆண்டும் தீபாவளி வந்துவிடும். ‘ஆயுத பூஜைக்குப் பொரி கட்டும்போது ஆர்டர் நோட்டை மூட வேண்டும்’ என்று நான் ஞாபகம் வைத்துக்கொள்வது இதனால்தான். ஆர்டர் வாங்கத் தொடங்குவது அதற்கு ஒரு மாதம் முன், செப்டம்பர் 20 வாக்கில். பிள்ளையார் சதுர்த்தி செப்டம்பர் 14 அன்று முடிந்துவிடும். பிள்ளையார்பட்டிக்கு வந்துபோன வெளியூர்ச் சொந்தங்களுக்கு ஊர் ஞாபகம் இன்னும் ஆறாமல் இருக்கும் நேரம் அது.

இங்கே பலர் சறுக்குகிற ஓர் இடம் உண்டு. கூகுள் டிரெண்ட்ஸில் போன வருட வளைவைப் பார்த்து, ‘அக்டோபர் முதல் வாரத்தில் ஏறுகிறது, அதனால் இந்த வருடமும் அப்போதே’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். தீபாவளி சந்திரனைப் பார்த்து வருவது. 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வந்து, ‘அதிக மாதம்’ என்று சந்திரக் கணக்கில் ஒரு மாதம் கூடுதலாகச் சேரும் ஆண்டில் ஒரே தாவலாகப் பின்னுக்குப் போகும். 2026 அப்படிப்பட்ட ஆண்டு, 19 நாள் தள்ளிப்போகிறது. ஆங்கிலத் தேதியை ஒப்பிட்டால் மூன்று வாரம் பிசகும். ‘தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னால்’ என்று எண்ணி ஒப்பிட்டால் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். பொங்கலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது சூரியக் கணக்கு, ஜனவரி 14 அல்லது 15, அவ்வளவுதான்.

டிரெண்ட்ஸைப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். trends.google.com போய், இடம் தமிழ்நாடு, காலம் ஐந்து ஆண்டு, தேடல் வகையில் Web Search என்பதை YouTube Search என்று மாற்றுங்கள். ‘அதிரசம்’ என்று ஒருமுறை, adhirasam என்று ஒருமுறை, athirasam என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் நிறையத் தட்டுகிறார்கள். அங்கே வரும் 100 என்பது நூறு பேர் தேடினார்கள் என்பதல்ல, அந்தச் சொல் உச்சத்தில் இருந்த வாரத்துக்கு 100 என்று பெயர். மற்ற வாரங்கள் அதற்கு ஒப்பீடு. ஆகவே எப்போது ஏறுகிறது என்பதற்கு இது நல்ல சாட்சி, எத்தனை பேர் என்பதற்குச் சாட்சியே இல்லை. மணகோலம், சீப்புச் சீடை மாதிரி நம் பக்கத்துப் பெயர்களுக்குப் போதிய தரவு இல்லை என்று வந்தால் ‘தீபாவளி பலகாரம்’ என்ற பெரிய சொல்லின் வளைவை வைத்துக்கொள்ளுங்கள். மணகோலத்தை மனகோலம் என்றும் எழுதுகிறார்கள். வீடியோ விளக்கத்தில் இரண்டு எழுத்திலும், ஆங்கில எழுத்தில் ஒருமுறையும் இருக்கட்டும்.

இனி வீடியோக்கள். வாங்குகிறவருக்கென்று மூன்றே போதும் என்பது என் கட்சி. முதலாவது அடிப்படை வீடியோ. காரைக்குடியில் எந்த வீட்டில், யார், எந்த எண்ணெயில் செய்கிறீர்கள், என்னென்ன கிடைக்கும், எத்தனை நாள் தாங்கும் என்று ஐந்தாறு நிமிடம். தலைப்பில் செய்முறை வாடையே வேண்டாம். ‘காரைக்குடி வீட்டுப் பலகாரம், வெளியூருக்கு அனுப்புகிறோம்’ என்ற மாதிரி நேராக இருக்கட்டும். இரண்டாவது, பார்சல் கட்டும் வீடியோ. தேன்குழல் நொறுங்காமல் எப்படி அடுக்குகிறீர்கள், டப்பாவைச் சுற்றி என்ன வைக்கிறீர்கள், சென்னையில் ஒரு சொந்தக்காரர் பிரித்தபோது எப்படி இருந்தது என்பதை ஒரே ஓட்டமாக, வெட்டாமல் காட்டுங்கள். டப்பா மேல் இருக்கும் 14 இலக்க FSSAI எண் ஒரு விநாடியாவது தெளிவாகத் தெரியட்டும். முன்பின் தெரியாத வீட்டில் தின்பண்டம் வாங்குகிறவருக்கு இருக்கும் பயம் இரண்டு: சுத்தமாக இருக்குமா, முழுசாக வந்து சேருமா. ருசியைப் பற்றி அப்புறம்தான் யோசிப்பார். மூன்றாவது, முப்பது விநாடி ஷார்ட்ஸ்: ஆர்டர் தொடங்கிவிட்டது, இந்தத் தேதியில் நிறுத்துகிறோம் என்று.

அடிப்படை வீடியோ ஆவணி பிறக்கும்போது, அதாவது ஆகஸ்ட் 17 வாக்கில் வெளியாகட்டும். தீபாவளிக்குப் பன்னிரண்டு வாரம் இருக்கும். அப்போது யாரும் பார்க்க மாட்டார்கள், அதற்காக முகம் சுளிக்காதீர்கள். தேடல் தொடங்கும்போது அது ஏற்கெனவே அங்கே கிடக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு முன்பே. பார்சல் வீடியோ செப்டம்பர் முதல் வாரம், ஷார்ட்ஸ் செப்டம்பர் 20. ஆர்டர் நிறுத்த ஒரு வாரம் இருக்கையில் இன்னொரு ஷார்ட்ஸ். வீடியோவை முன்கூட்டியே ஏற்றி, Schedule என்ற இடத்தில் தேதியையும் நேரத்தையும் கொடுத்துவிட்டால் அது தானே வெளியாகும். அதிரச மாவு இடிக்கும் நாளில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

படம்பிடிப்பதற்கு ஆடி மாதம்போல் இன்னொன்று கிடையாது. கல்யாணம் இல்லை, சீர்ப் பலகார ஆர்டர் இல்லை, அடுப்படி ஓய்வாக இருக்கும். வெயிலும் உண்டு. வளவு வீட்டு முற்றத்தில் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை விழும் வெளிச்சத்துக்கு எந்த விளக்கும் ஈடாகாது. எண்ணெயில் சீடை புரளும்போது பொன் நிறம் அப்படியே கேமராவில் வரும். இதையே ஐப்பசியில் எடுத்துப் பாருங்கள், வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், முற்றம் இருட்டும், பலகாரம் எல்லாம் பழுப்பாகத் தெரியும், ஓட்டில் விழும் மழைச் சத்தத்தில் பேச்சும் கேட்காது. ஆனால் ஆடியில் கிடைக்காத ஒன்று உண்டு, பண்டிகைக் கூட்டம். நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து பிழிவது, டப்பாக்கள் மலைபோல் அடுக்கியிருப்பது. அதை இந்தத் தீபாவளி வேலை நடக்கும்போது யாராவது ஒருவர் போனில் அவ்வப்போது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த ஆண்டுக்கு. அப்போதே போட வேண்டியதில்லை.

வீடியோவில் விலையை வாயால் சொல்லாதீர்கள். தேதியையும் வருடத்தையும் சொல்லாதீர்கள், பின்னால் காலண்டர்கூட வேண்டாம். யூடியூபில் ஒருமுறை ஏற்றிய வீடியோவை, அதே இணைப்பில் வேறு வீடியோவாக மாற்ற முடியாது. நடுவில் வெட்டலாம், தலைப்பு, விளக்கம், முகப்புப் படம் மாற்றலாம், அவ்வளவுதான். தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்கு நான் எடுத்த வீடியோவில் கிலோ விலையை அந்த அம்மா அழகாகச் சொல்லியிருந்தார். அடுத்த வருடம் எண்ணெய் விலை ஏறிவிட்டது. வீடியோவோ நன்றாகத் தேடலில் வந்துகொண்டிருந்தது. “வீடியோவில ஒண்ணு சொல்றீங்க, போன்ல ஒண்ணு சொல்றீங்க” என்று ஆளாளுக்குச் சண்டை. அந்த வரியை வெட்டினேன், வெட்டிய இடத்தில் பேச்சு தத்தியது, பார்க்கவே சங்கடம். விலையும் கடைசித் தேதியும் விளக்கத்தின் முதல் இரண்டு வரியிலும், மேலே பொருத்தி வைக்கும் கருத்திலும் மட்டும் இருக்கட்டும். வருடா வருடம் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம். தேதி சொல்வது ஷார்ட்ஸின் வேலை. அது அந்த வருடத்தோடு போகட்டும்.

இதில் எது உறுதி, எது இல்லை என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். தேடுகிறவர் எந்த நாளில் ஏறுகிறார் என்பது கண்ணால் பார்க்கக்கூடியது. வீடியோவை மாற்ற முடியாது என்பதும் உறுதி. ஆனால் யூடியூப் தானாக யாருக்கு எதைப் பரிந்துரைக்கிறது என்பதை வெளியிலிருந்து யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மாலை ஆறு மணிக்குப் போட்டால் தூக்கும், இத்தனை ஹேஷ்டேக் போட்டால் ஓடும் என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை. பன்னிரண்டு வாரம் என்பதும் என் பழக்கத்தில் வந்த எண்தான். பத்து வாரமானாலும் குடி முழுகிவிடாது, இரண்டு வாரமானால் முழுகும். சிங்கப்பூர், மலேசியா ஆர்டர் என்றால் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் மூன்று வாரம் முன்னால் போக வேண்டும். எந்தத் தின்பண்டத்தை உள்ளே விடுவார்கள் என்பதை வீடியோவில் வாக்குக் கொடுப்பதற்கு முன் கூரியர்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அங்கேயும் இரண்டு கூட்டம், ஆனால் இன்னும் கூர்மையாகப் பிரிந்திருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் ‘முக்கிய வினாக்கள்’ என்று தேடுகிறவன் மாணவன். பணம் கட்டுகிற அப்பா அம்மா முடிவெடுப்பது வருடத்தில் இரண்டு நேரம்: பள்ளி திறக்கும் ஜூனை ஒட்டி ஒருமுறை, காலாண்டுத் தேர்வு மார்க் கைக்கு வந்த அக்டோபரில் ஒருமுறை. இரண்டாவதுதான் பலமானது. மார்க்கைப் பார்த்த அன்றைக்கு வீட்டில் நடக்கும் கச்சேரி நமக்குத் தெரியாததா? பொதுத்தேர்வு நேரத்தில் மட்டும் வீடியோ போட்டால் பார்வை வரும், பிள்ளைகள் சேர மாட்டார்கள், ஏனென்றால் வருடமே முடிந்துவிட்டது. உங்களுக்கு இருப்பதுபோல் பழைய வாடிக்கையாளரும் அங்கே கிடையாது. இந்த வருடம் சந்தா அழுத்திய பிள்ளை அடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் இருக்க மாட்டான்.

எதை எடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் எட்டு எட்டாகப் பதினாறு மதிப்பெண். எழுத்தில் படித்தால் புரியாமல், கை ஓடுவதைப் பார்த்தால் உடனே புரிகிற பகுதி அது. காம்பஸை எங்கே ஊன்றுகிறார், கதிரில் எத்தனை புள்ளி வைக்கிறார் என்பதை மேலிருந்து கேமரா வைத்து எடுத்தால் வீடியோவுக்கென்றே பிறந்த பாடம். கோடை விடுமுறையில் மே மாதம் ஒரு வாரத்தில் வடிவம் வடிவமாக எட்டுப் பத்து எடுத்துவிடலாம். ஜூனிலிருந்து வாரம் ஒன்று வெளியாகட்டும். காலாண்டுக்குள் முழுத் தொகுப்பும் இருக்கும். செப்டம்பர் கடைசியில் பெற்றோருக்கென்று ஒன்று: காலாண்டில் குறைந்த பிள்ளை எந்தப் பகுதியிலிருந்து தொடங்கினால் சீக்கிரம் ஏறும் என்று, தமிழில், அவர்களைப் பார்த்துப் பேசுகிற மாதிரி. அவள் கவனிக்க வேண்டிய ஆபத்து விலை இல்லை, அரசாணை. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025–26 கல்வியாண்டு முதல் கிடையாது என்று ஆனதும், ‘பிளஸ் ஒன் பொதுத்தேர்வுக்கு’ என்று தொடங்கும் வீடியோக்கள் எல்லாம் பாடம் சரியாக இருந்தும் பழசாகிவிட்டன. பாடத்தின் பெயரைச் சொல்லித் தொடங்கட்டும், தேர்வின் பெயர் தலைப்பில் மட்டும் இருக்கட்டும்.

கடைசியாக, போன வருடம் நன்றாக ஓடிய உங்கள் அந்தச் செய்முறை வீடியோ. அதை அழித்துவிடாதீர்கள், தலைப்பையும் தொடாதீர்கள். அடுத்த தீபாவளிக்கும் அதே கூட்டம் அதைத் தேடி வரும். ஆவணியில் அடிப்படை வீடியோ வெளியானதும், பழைய வீடியோவின் இறுதித் திரையில், அதாவது கடைசி ஐந்து முதல் இருபது விநாடிக்குள் வைக்கிற End screen என்பதில், புதியதை இணைத்துவிடுங்கள். மேலே பொருத்திய கருத்தில் ‘வெளியூர் ஆர்டர் இந்தத் தேதி வரை, அதற்குப் பிறகு காரைக்குடியில் நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி. நேரில் வாங்குகிறவருக்கென்று அந்த 120 கிலோ போக 15 கிலோவைத் தனியாகச் செய்து வையுங்கள். தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது பாகு முறுகிப்போய் போன் பண்ணுகிறார்களே, அவர்களில் காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர்க்காரர்கள் சிலராவது இருப்பார்கள்.